வகுப்பைத் தாண்டாமல் வளரும் மீத்திறன்: பொது வகுப்பறையில் விரிவாக்கப் பணிகள்

நம் நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும், ஆசிரியர் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்னரே விடையைக் கூறிவிடும் மாணவர் ஒருவரோ இருவரோ இருப்பர். ஏனைய மாணவர்கள் அப்பாடத்தைக் கற்றுக்கொள்ளும் வரை இவர்கள் காத்திருக்க வேண்டியுள்ளது. மெல்லக் கற்போருக்கென ஆசிரியர்கள் தனிக் கவனம் செலுத்துகின்றனர். அது அவசியமும் ஆகும். ஆனால் விரைந்து கற்போர் தாமாகவே முன்னேறிவிடுவர் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இவ்வெண்ணம் சரியானதன்று. நாள்தோறும் தமக்கு முன்பே தெரிந்ததைத் திரும்பச் செய்யும் குழந்தை, கற்றல் என்பது முயற்சியின்றி நிகழ்வது என்ற தவறான பாடத்தையே கற்றுக்கொள்கிறது. வசதியுள்ள இல்லத்துக் குழந்தைக்கு வீட்டில் நூல்களும் வழிகாட்டுவோரும் உண்டு. குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கோ பள்ளிப் பொழுது ஒன்றே கற்கும் பொழுதாகும். அப்பொழுது காத்திருப்பதிலேயே கழியுமாயின், அவ்விழப்பை ஈடுசெய்ய வேறு இடமில்லை.

கொள்கையும் வகுப்பறையும்

திறமை மிக்க மாணவர்களைக் கண்டறியும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1963-ஆம் ஆண்டில் அறிவியல் திறன் காணும் திட்டம் தொடங்கப் பெற்றது. அதுவே பின்னர் தேசியத் திறனறித் தேர்வாக விரிவடைந்து, பல தலைமுறை மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வந்தது. 2021-ஆம் ஆண்டிற்குப் பின் அத்தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கிராமப்புறத்துத் திறமைசாலிக் குழந்தைகளுக்காக நவோதய வித்யாலயங்களுக்கு வழி வகுத்தது. இவை பயன் மிக்க ஏற்பாடுகளே. எனினும் இவை தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு, ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோதான் எட்டுகின்றன. ஒரு சிற்றூர்ப் பள்ளியின் நான்காம் வகுப்பில் இன்று காலை நடைபெறும் கணக்குப் பாடத்தை இவை மாற்றுவதில்லை.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இவ்விடத்தில் வேறொரு வழியைக் குறிப்பிடுகிறது. தனித்திறனோ தனி ஆர்வமோ உடைய மாணவர்களுக்கு, அவர்கள் பயிலும் வகுப்பறையிலேயே கூடுதல் வளமூட்டும் பாடப்பொருளையும் வழிகாட்டலையும் ஆசிரியர்கள் வழங்க வேண்டும் என்று அது கூறுகிறது. இதனை நடைமுறையில் எவ்வாறு செய்வது என்பதே இங்குள்ள வினாவாகும்.

வகுப்பைத் தாண்டச் செய்வது ஏன் முதல் வழியாகாது?

மீத்திறன் மாணவரைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடன் பெற்றோர் நினைவுக்கு வருவது, பேச்சு வழக்கில் 'டபிள் புரமோஷன்' எனப்படும் இரட்டை வகுப்பு உயர்வே ஆகும். மூன்றாம் வகுப்பு முடித்த குழந்தையை நேரே ஐந்தாம் வகுப்பில் அமர்த்துவது முற்காலத்தில் பல பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. இதனால் தீங்கே விளையும் என்று கூறிவிட முடியாது. அமெரிக்காவில் நடைபெற்ற ஆய்வுகள், கவனத்துடன் தேர்ந்தெடுத்து வகுப்பு உயர்த்தப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே பயின்றனர் எனக் காட்டுகின்றன. ஆயினும் நம் பொதுப் பள்ளிகளில் அதனை முதல் வழியாகக் கொள்வதற்குத் தடையாக மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவதாக, குழந்தையின் திறன் எல்லாப் பாடங்களிலும் சமமாக இருப்பதில்லை. கணக்கில் இரண்டாண்டு முன்னே நிற்கும் குழந்தை, கட்டுரை எழுதுவதில் தன் வயதினரைப் போலவே இருக்கக்கூடும். வகுப்பு உயர்வோ எல்லாப் பாடங்களையும் ஒருசேரத் தாண்டச் செய்கிறது. இரண்டாவதாக, ஓராண்டுப் பாடம் முழுவதும் விடுபடும்போது இடையிடையே ஓட்டைகள் ஏற்படுகின்றன. நான்காம் வகுப்பில் முதன்முதலாக முறையாகக் கற்பிக்கப்படும் கருத்து ஒன்று விடுபட்டால், அக்குறை உடனே தெரிவதில்லை. மேல் வகுப்பில், அதனை அடிப்படையாகக் கொண்ட பாடம் வரும்போதுதான் வெளிப்படும்.

மூன்றாவது காரணமே முக்கியமானது. வகுப்பு உயர்வு குழந்தையின் இடத்தை மாற்றுகிறது. பாடம் நடைபெறும் வேகத்தை மாற்றுவதில்லை. விரைந்து கற்கும் குழந்தை புதிய வகுப்பின் பாடத்தையும் சில மாதங்களில் எட்டிப் பிடித்துவிடும். பின்னர் மீண்டும் காத்திருப்பே. ஒரே முறை கொடுக்கப்படும் தாண்டல், நாள்தோறும் தோன்றும் தேவையை நிறைவு செய்வதில்லை. மேலும், கொடுத்த வகுப்பு உயர்வைத் திரும்பப் பெறுவது எளிதன்று. ஒரு பாட அலகிற்கென அளிக்கப்படும் விரிவாக்கப் பணியோ, பொருந்தாவிடில் அடுத்த அலகிலேயே மாற்றிக்கொள்ளத் தக்கது.

கூட்டுவதன்று, மாற்றுவது

விரிவாக்கப் பணி என்பது பாடத்திற்கு மேல் சுமத்தப்படும் வேலையன்று. மாணவர் முன்பே அறிந்துள்ள பயிற்சியை நீக்கி, அந்த நேரத்தில், அதே பாடப்பொருளை இன்னும் ஆழமாக ஆராயும் வேலையைக் கொடுப்பதே அதுவாகும். அமெரிக்கக் கல்வியியலாளர் ஜோசப் ரென்சுல்லியும் அவருடன் பணியாற்றியோரும் 1970-களிலிருந்து இம்முறையை வளர்த்தனர். அங்கு 1990-களின் தொடக்கத்தில் நடைபெற்ற ஓர் ஆய்வில், மீத்திறன் மாணவர்களுக்கு வழக்கமான பாடப் பயிற்சிகளில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் வரை நீக்கிய பின்னரும் அவர்களுடைய தேர்ச்சி குறையவில்லை என்பது தெரிய வந்தது. அவர்கள் வகுப்பில் செலவழித்த நேரத்தில் பெரும்பகுதி, தெரிந்ததைத் திரும்பச் செய்வதிலேயே கழிந்து வந்தது என்பதே இதன் பொருள்.

எனவே இம்முறைக்கு இரண்டு படிகள் உண்டு. எது ஏற்கனவே தெரியும் என்று காண்பது முதற்படி. விடுவிக்கப்பட்ட நேரத்தில் எதைக் கொடுப்பது என்று தீர்மானிப்பது இரண்டாம் படி. முதற்படியின்றி இரண்டாம் படியை மட்டும் மேற்கொள்ளும் பள்ளிகளில், விரிவாக்கப் பணி கூடுதல் வேலையாகவே முடிகிறது.

முதற்படி: கடினமானவற்றை முதலில் கேட்டல்

நான்காம் வகுப்பில் நான்கிலக்க எண்களின் கழித்தல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 40 மாணவர்கள் உள்ளனர் என்றும், இப்பாட அலகிற்கு 40 நிமிடம் கொண்ட எட்டுப் பாடவேளைகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்றும் கொள்வோம்.

ஆசிரியர் அலகைத் தொடங்கும் நாளன்று, பயிற்சிகளின் இறுதியில் வரும் மிகக் கடினமான ஐந்து கணக்குகளைக் கரும்பலகையில் எழுதுகிறார். 5000-இலிருந்து 2467-ஐக் கழிப்பது, 6003-இலிருந்து 1885-ஐக் கழிப்பது போன்றவை இவற்றில் இடம்பெறும். இடையில் சுழிகள் வருவதால், அடுத்தடுத்த இடங்களிலிருந்து கடன் வாங்க வேண்டிய கணக்குகள் இவை. இவற்றுடன், விடுபட்ட இலக்கத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஒன்றும், இருபடிச் சொற்கணக்கு ஒன்றும், தவறாகச் செய்யப்பட்ட ஒரு கழித்தலில் பிழை எங்குள்ளது என்று காட்டும் கணக்கு ஒன்றும் சேர்க்கப்படும். விரும்பும் எவரும் இவற்றை முயலலாம். நேரம் 15 நிமிடம். ஐந்தில் நான்கைச் சரியாகச் செய்தவர்களுக்கு இவ்வலகின் அன்றாடப் பயிற்சிக் கணக்குகளிலிருந்து விலக்கு உண்டு.

இத்தேர்வை வகுப்பு முழுவதற்கும் வைப்பது அவசியமாகும். 'இவர்கள் கெட்டிக்காரர்கள்' என்று ஆசிரியர் மனத்தில் வைத்திருக்கும் பட்டியல், பெரும்பாலும் கையெழுத்து அழகாக உள்ளவர்கள், கேட்டவுடன் கையை உயர்த்துபவர்கள், வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடிப்பவர்கள் ஆகியோரின் பட்டியலாகவே இருக்கும். பேசாமல் அமர்ந்திருக்கும் பெண் குழந்தை, வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை, வேலை நிமித்தம் இடம்பெயரும் பெற்றோருடன் சென்று அடிக்கடி பள்ளி வாராத குழந்தை ஆகியோர் அப்பட்டியலில் இடம்பெறுவது அரிது. பொதுத் தேர்வு அவர்களையும் வெளிக்கொணர்கிறது. அத்துடன், ஒவ்வோர் அலகிற்கும் புதிதாக வைக்கப்படுவதால், எந்தக் குழந்தைக்கும் நிலையான முத்திரை குத்தப்படுவதில்லை. கழித்தலில் விலக்குப் பெற்றவர் பின்னத்தில் பெறாமல் போகலாம். கழித்தலில் பெறாதவர் வடிவியலில் பெறலாம்.

இவ்வகுப்பில் ஐந்து மாணவர்கள் குறைந்தது நான்கு கணக்குகளைச் சரியாகச் செய்தனர் என்று கொள்வோம். ஆசிரியர் தம் குறிப்பேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதினால் போதும்: என்ன தெரியும், அது எவ்வாறு தெரிய வந்தது, விடுபட்டது எது. ஐவரில் ஒருவர் சொற்கணக்கில் தவறியிருப்பின், சொற்கணக்கு கற்பிக்கப்படும் நாளில் அவர் வகுப்புடன் அமர்ந்து கற்பார். விலக்கு என்பது தெரிந்ததற்கு மட்டுமே, தெரியாததற்கு அன்று.

இரண்டாம் படி: கப்ரேக்கரின் கழித்தல்

விடுவிக்கப்பட்ட நேரத்தில் எதைக் கொடுப்பது? அதே கழித்தலில் இன்னும் இருபது கணக்குகள் கொடுப்பது தண்டனையாகும். தொடர்பில்லாத புதிரைக் கொடுப்பது பொழுதுபோக்காகும். கழித்தலிலிருந்தே முளைத்து, கழித்தலுக்கு அப்பால் செல்லும் வேலை ஒன்று தேவை. அத்தகைய ஒன்றை நம் நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவரே விட்டுச் சென்றுள்ளார்.

மகாராஷ்டிர மாநிலத்தில் நாசிக் அருகேயுள்ள தேவளாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர் (1905-1986). கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெறாத இவர், எண்களின் இயல்புகளைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். 1940-களில் இவர் கண்டறிந்த ஒரு செய்முறை இன்று உலகெங்கும் இவர் பெயராலேயே வழங்குகிறது. நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு அதனை முதலில் மூன்றிலக்க எண்களைக் கொண்டு தரலாம்.

ஆசிரியர் ஓர் அட்டையில் எழுதித் தர வேண்டியது இவ்வளவே: ஏதேனும் ஒரு மூன்றிலக்க எண்ணை எழுதுக. மூன்று இலக்கங்களும் ஒன்றாக இருத்தல் கூடாது. அவ்விலக்கங்களைக் கொண்டு மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் அமைத்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க. வரும் விடைக்கும் அதையே செய்க. என்ன நிகழ்கிறது என்று எழுதுக.

352 என்ற எண்ணை ஒரு மாணவி எடுத்துக்கொண்டால், கணக்கு இவ்வாறு செல்லும்:

532 − 235 = 297
972 − 279 = 693
963 − 369 = 594
954 − 459 = 495

495-ஐக் கொண்டு மீண்டும் செய்தால் 954-இலிருந்து 459-ஐக் கழிக்க வேண்டும். மறுபடியும் 495-ஏ வருகிறது. அருகிலிருப்பவர் 817-இல் தொடங்குகிறார்; அவருக்கு 693, 594, 495 என்று வருகிறது. இருவரும் ஒருவர் ஏட்டை மற்றவர் பார்க்கும்போது வினா தானாகவே பிறக்கிறது: எல்லா எண்களும் 495-இல்தான் முடியுமா?

இப்பணியில் கழித்தல் பயிற்சி குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய எண்ணின் ஒன்றாம் இலக்கம் எப்போதும் சிறியதாகவும், சிறிய எண்ணின் ஒன்றாம் இலக்கம் பெரியதாகவும் அமைவதால், ஒவ்வொரு முறையும் கடன் வாங்க வேண்டியுள்ளது. பத்தாம் இட இலக்கங்கள் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால், அங்கும் கடன் வாங்க நேர்கிறது. மாணவர்கள் இடறும் வகைக் கழித்தலே இங்குத் திரும்பத் திரும்ப வருகிறது. பத்து எண்களைச் சோதிக்கும் மாணவர் ஆசிரியர் சொல்லாமலே முப்பது, நாற்பது கழித்தல்களைச் செய்துவிடுவார்.

இடறும் இடம்

இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ ஐவரில் ஒருவர் எழுந்து வந்து, விதி பொய்த்துவிட்டது என்பார். அவர் 211-ஐ எடுத்திருப்பார். 211-இலிருந்து 112-ஐக் கழித்தால் 99. பெரிய எண்ணும் 99, சிறிய எண்ணும் 99, கழித்தால் சுழி. 495 வரவில்லை.

இந்த இடத்தில் ஆசிரியர் விடையைக் கூறிவிடக் கூடாது. "மூன்று இலக்கங்களை எடுத்துக்கொண்டாய்; இப்போது எத்தனை இலக்கங்கள் உள்ளன?" என்று கேட்பது போதுமானது. விடையை 099 என்று எழுதினால் 990-இலிருந்து 099-ஐக் கழித்து 891 கிடைக்கும். தொடர்ந்து 792, 693, 594, 495 என்று வரும். சுழிக்கும் ஓர் இடம் உண்டு என்ற இடமதிப்புக் கருத்தை, விரிவுரையின்றி மாணவர் தாமே தொட்டுவிடுகிறார். விதியை முழுமையாகச் சொல்லாவிட்டால் விடை மாறிவிடும் என்பதும் அப்போது விளங்குகிறது.

அடுத்த வினா, ஏன் என்பதாகும். எழுதிய விடைகளையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதிப் பார்க்கச் சொன்னால், இரண்டு செய்திகள் கண்ணில் படும். நடு இலக்கம் எப்போதும் 9. முதல் இலக்கத்தையும் கடைசி இலக்கத்தையும் கூட்டினாலும் 9. நடு இலக்கம் 9 ஆக இல்லாத விடையைக் கண்டவுடனே, கழித்தலில் பிழை நேர்ந்துவிட்டது என்று மாணவர் தாமே அறிந்து திருத்திக்கொள்வார். ஆசிரியர் திருத்தித் தரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இது சிறிய உதவியன்று.

காரணத்தையும் நான்காம் வகுப்புக் குழந்தை காணக்கூடும். 532-இலிருந்து 235-ஐக் கழிக்கும்போது பத்தாம் இடத்து 3 இரண்டிலும் உண்டு. எனவே அது அடிபட்டுப் போகிறது. நூறாம் இடத்தில் 5-க்கும் 2-க்கும் வேறுபாடு 3; அதாவது 300. ஒன்றாம் இடத்தில் அதே 3 குறைகிறது. 300-இலிருந்து 3 போனால் 297. இது 99-இன் மூன்று மடங்கு. ஆகவே எந்த எண்ணில் தொடங்கினாலும், முதற்படியின் விடை 99-இன் மடங்குகளான 099, 198, 297, 396, 495, 594, 693, 792, 891 என்னும் ஒன்பதில் ஒன்றாகவே இருக்கும். இவ்வொன்பதும் 495-ஐ அடைகின்றனவா என்று பார்த்துவிட்டால், மூன்றிலக்க எண்கள் 900-இல் ஒரே இலக்கமுடைய ஒன்பது போக எஞ்சிய 891 எண்களுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. எட்டுப் பாடவேளைகளில் ஐவரில் ஒருவர் மட்டுமே இந்த இடத்தை அடையலாம். எவருமே அடையாமலும் போகலாம். அதனால் பணி தோல்வியுற்றதாகாது. பட்டியலிட்டு, ஒழுங்கைக் கண்டு, அதனைத் தம் சொற்களில் எழுதிய மாணவரும் பயன் பெற்றவரே.

முன்னே செல்பவருக்கு வழி அடைபடுவதில்லை. இரண்டிலக்க எண்களைக் கொண்டு முயன்றால், ஒரே எண்ணில் வந்து நிற்பதற்குப் பதிலாக 09, 81, 63, 27, 45 என்று சுழன்று, மீண்டும் 09-க்கே வருவதைக் காண்பர். நான்கிலக்க எண்களைக் கொண்டு முயன்றால் கப்ரேக்கர் கண்ட 6174 என்ற எண்ணை அடைவர். 3524-இல் தொடங்கினால் 3087, 8352, 6174 என மூன்றே படிகளில் அது வந்துவிடும். எந்த நான்கிலக்க எண்ணாயினும், நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத வரையில், ஏழு படிகளுக்குள் அங்கு வந்து சேரும்.

நல்ல பணியின் நான்கு இயல்புகள்

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து, வேறு பாடங்களுக்கும் பொருந்தும் நான்கு இயல்புகளைக் காணலாம். பணி அன்றைய பாடத்திறனையே பயன்படுத்த வேண்டும். தொடங்குவதற்கு எளிதாக இருக்க வேண்டும். நீண்ட விளக்கம் தேவைப்பட்டால் ஆசிரியரின் நேரம் அதிலேயே கழிந்துவிடும். முடிவு ஒரே இடத்தில் அடைபட்டிருக்கக் கூடாது. செய்தது சரியா என்பதை மாணவர் பெரும்பாலும் தாமே சோதித்துக்கொள்ள இயல வேண்டும்.

சூழ்நிலையியலில் நீர் பற்றிய பாடம் நடைபெறும்போது, பாடக் கருத்துகளை முன்பே அறிந்த மாணவரிடம் 'நீரைச் சேமிப்போம்' என்று சுவரொட்டி வரையச் சொல்வது மேற்கூறிய இயல்புகளில் எதனையும் கொண்டதன்று. பள்ளிக் கிணற்றில், முடிச்சிட்ட கயிற்றைக் கொண்டு பெரியவர் ஒருவர் துணையுடன் வாரம் ஒரு முறை நீர்மட்டத்தை அளந்து, மழை பெய்த நாட்களுடன் ஒப்பிட்டு, மழைக்கும் மட்ட உயர்வுக்கும் இடையே எத்தனை நாள் ஆகிறது என்று காணச் சொல்வது நான்கு இயல்புகளையும் கொண்டது.

வகுப்பை நடத்தும் முறை

ஐந்து மாணவர்கள் வேறு வேலை செய்யும்போது மற்ற 35 பேரின் பாடம் தடைபடக் கூடாது. இதற்குச் சில எளிய ஒழுங்குகள் போதும். ஐவரும் சுவரோரமாக ஓரிடத்தில் அமர்வர். ஐயம் எழுந்தால் முதலில் அட்டையை மீண்டும் படிப்பர். பின்னர் தமக்குள் கேட்பர். அதன் பின்னும் தீராவிடில் ஐயத்தை ஏட்டில் எழுதி வைத்துவிட்டு, வேறோர் எண்ணைக் கொண்டு தொடர்வர். வகுப்பு பயிற்சி செய்யத் தொடங்கும் வேளையில் ஆசிரியர் ஐந்து நிமிடம் அவர்களிடம் வந்து அமர்வார். அந்த ஐந்து நிமிடம் நாள்தோறும் தவறாமல் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால், குழந்தைகள் இடையே எழுந்து வருவது குறையும்.

அலகின் இறுதி நாளில், ஐவரும் தாங்கள் கண்டதை வகுப்பிற்குப் பத்து நிமிடத்தில் எடுத்துரைப்பர். வகுப்பு முழுவதும் ஓர் எண்ணை எடுத்து முயன்று பார்க்கும். இதனால் விரிவாக்கப் பணி ஐவரின் தனி உடைமையாக நின்றுவிடாது. அவர்களும் அலகுத் தேர்வை மற்றவர்களுடனேயே எழுதுவர். விரிவாக்கப் பணிக்கு மதிப்பெண் இடுவதைத் தவிர்ப்பது நலம். மதிப்பெண் உண்டு என்றவுடன் குழந்தைகள் தவறாத எண்களையே தேடத் தொடங்குவர்.

எங்கே தவறுகிறது, எவ்வாறு அறிவது?

இம்முறை பெயரளவில் நின்றுவிடும் அடையாளங்கள் சில உண்டு. விரைவாக முடிக்கும் மாணவர் சில வாரங்களில் மெதுவாக முடிக்கத் தொடங்குவாராயின், வேகத்திற்குப் பரிசாகக் கூடுதல் வேலையே கிடைக்கிறது என்று அவர் உணர்ந்துவிட்டார் என்பது பொருள். ஆசிரியர் உடனே அவருடைய பயிற்சி ஏட்டைப் பார்த்து, தெரிந்த கணக்குகள் உண்மையிலேயே நீக்கப்பட்டனவா என்று சரிபார்க்க வேண்டும்.

விடுவிக்கப்பட்ட நேரம் முழுவதும், பின்தங்கிய மாணவர்களுக்குக் கற்பிக்கும் வேலை அக்குழந்தைக்கே தரப்படுவது இன்னொரு தவறு. பிறருக்கு உதவுதல் நற்பண்பே, எப்போதாவது செய்யலாம். ஆனால் அதுவே அன்றாட வேலையானால், அக்குழந்தை கற்க வேண்டிய நேரம் வேறொரு வடிவில் பறிக்கப்படுகிறது.

விரிவாக்கப் பணி ஏட்டில் அடித்தலும் திருத்தலும் ஒன்றுகூட இல்லையெனில், பணி மிக எளிதாகிவிட்டது என்று கொள்ளலாம். மாறாக, முதல் தடையிலேயே குழந்தை அழுதுவிடுவதும் ஏட்டை மூடிவிடுவதும் உண்டு. அதுவரை தவறே செய்திராத குழந்தைக்கு, உடனே விடை வராத கணக்கு ஒரு புதிய அனுபவமாகும். அப்போது பணியைத் திரும்பப் பெறாமல், அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் ஆசிரியர் உடனிருந்து செய்து காட்டி மீண்டும் விடுவதே ஏற்றது. தடுமாறிப் பின் தொடரும் பழக்கத்தைத் தொடக்கப் பள்ளியில் பெறாத குழந்தை, மேல் வகுப்பில் முதன்முறையாகக் கடினமான பாடத்தைச் சந்திக்கும்போது நிலைகுலைகிறது.

அலகுதோறும் அதே ஐந்து பேரே விலக்குப் பெறுவார்களாயின், முன்தேர்வின் வினாக்களை மாற்றிப் பார்க்க வேண்டும். எழுத்துத் திறனை மட்டுமே அவ்வினாக்கள் சோதிக்கின்றனவோ, வாய்மொழியாகக் கேட்டால் வேறு சிலரும் தேறுவரோ என்று காண்பது ஆசிரியரின் பொறுப்பாகும்.

எல்லைகள்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை இரு ஆசிரியர்கள் என்ற அளவை வகுத்துள்ளது. அத்தகைய பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இருவரே கவனிக்க வேண்டும். ஒவ்வோர் அலகிற்கும் புதிய பணியை உருவாக்குவது அவர்களால் இயலாது. ஒரு பருவத்திற்கு இரண்டு அலகுகள் என்று தொடங்குவதும், அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் தாம் பயன்படுத்திய அட்டைகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்வதும் நடைமுறைக்கு ஏற்றவை. பல வகுப்புகள் ஒரே அறையில் அமரும் பள்ளிகளில் ஒரு வசதியும் உண்டு: மூன்றாம் வகுப்பு மாணவர் ஐந்தாம் வகுப்பின் கணக்குப் பாடத்தில் அமர்வதற்கு அங்கு எந்த உத்தரவும் தேவையில்லை.

விரிவாக்கப் பணியால் மட்டும் நிறைவுறாத குழந்தைகளும் அரிதாக உள்ளனர். எல்லாப் பாடங்களிலும் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னே நிற்கும் குழந்தைக்கு, அந்தந்தப் பாடத்திற்கு மட்டும் மேல் வகுப்பில் அமரும் ஏற்பாடோ, தீர ஆராய்ந்தபின் வகுப்பு உயர்வோ தேவைப்படலாம். அம்முடிவை எடுப்பதற்கும் விரிவாக்கப் பணியின் ஏடே நம்பத் தகுந்த சான்றாகும். ஓராண்டுக் காலம் அலகுதோறும் குழந்தை எதை முன்பே அறிந்திருந்தது, எதில் தடுமாறியது, எவ்வளவு தொலைவு தானாகச் சென்றது என்பதை அந்த ஏடு காட்டும். ஒரு நாள் தேர்வின் மதிப்பெண்ணோ பெற்றோரின் விருப்பமோ அதனைக் காட்டுவதில்லை.